ஸ்டாக் தீர்ந்த பிறகும் கொஞ்ச நாள் காத்திருக்கலாமா? பேக்ஆர்டரோட ஈஓக்யூ போடுறது எப்படி, முழு வழிகாட்டி

ஈஓக்யூ, அதாவது தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டா மொத்தச் செலவு கம்மியா வரும்ங்கிற கணக்கு, படிச்சவங்க எல்லாருக்கும் அந்த ரம்பப் பல்லு படம் ஞாபகம் இருக்கும். லோடு வந்து இறங்குது, ஸ்டாக் மேல போகுது, தினமும் கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சு பூஜ்யத்தைத் தொடுது, தொட்ட அதே நிமிஷம் அடுத்த லோடு வந்துடுது. 1913-ல ஃபோர்ட் ஹாரிஸ் எழுதின ஃபார்முலா இந்தப் படத்து மேலதான் நிக்குது, அதுல ஸ்டாக் பூஜ்யத்துக்குக் கீழ போறதுங்கிற பேச்சே கிடையாது. ஆனா நிஜத்துல நிறைய பொருளுக்கு கஸ்டமர் "சரி, வந்ததும் கொடுங்க, வெயிட் பண்றேன்"னு சொல்லிட்டு ஆர்டரை நம்மகிட்டயே விட்டுட்டுப் போறாங்க, அப்படி காத்திருக்கிற ஆர்டரைத்தான் பேக்ஆர்டர்னு சொல்றோம். அந்தக் காத்திருப்புக்கு ஒரு செலவு இருக்கு, ஆனா ஸ்டாக்கை வாங்கி அடுக்கி வெச்சிருக்கவும் செலவு இருக்கு இல்லையா, ரெண்டையும் எடை போட்டுப் பார்த்தா கொஞ்ச நாள் வேணும்னே ஸ்டாக் இல்லாம இருக்கிறது லாபமா வருது. இதைத்தான் திட்டமிட்ட பற்றாக்குறைன்னு சொல்றாங்க.

இதைச் சொல்லித் தரும்போது பெரும்பாலும் "ஆர்டர் அளவை இந்த மடங்கால பெருக்குங்க"ன்னு ஒரு வர்க்கமூலத்தைக் கொடுத்துட்டு முடிச்சிடுறாங்க. எனக்கு அதுல ஒரு ஆதங்கம் உண்டு, ஏன்னா மிச்சமாகுற பணத்துல பெரும்பகுதி ஆர்டர் அளவு மாறுறதால வர்றதே இல்ல, ஆர்டர் எப்போ போடுறோம்ங்கிறது மாறுறதாலதான் வருது. இதை நம்பரோட காட்டுறேன், கடைசி வரைக்கும் ஒரே உதாரணம்தான்.

முதல்ல நாலு நம்பர்

ஒரு பம்ப் விக்கிற குடோன்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 10 பம்ப் போகுது, வருஷத்துக்கு 360 வேலை நாள், ஆக வருஷ டிமாண்ட் D = 3600. ஒரு தடவை ஆர்டர் போட்டா, லாரி, இறக்குறது, செக் பண்றது, பேப்பர் வேலை எல்லாம் சேர்த்து S = 200, இது எத்தனை பம்ப் வாங்கினாலும் மாறாது. ஒரு பம்பை ஒரு வருஷம் முழுக்க வெச்சிருந்தா முடங்கின பணத்தோட வட்டி, இடம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஆகுற ஹோல்டிங் செலவு h = 9. இது வரைக்கும் பழைய ஈஓக்யூவுக்கு வேண்டிய அதே மூணு நம்பர்தான். புதுசா வர்றது b, ஒரு பம்புக்காக ஒரு கஸ்டமர் ஒரு வருஷம் முழுக்க காத்திருந்தா நமக்கு ஆகுற செலவு, இங்க b = 16. காசு எந்த நாட்டுக் காசா வேணும்னாலும் இருக்கட்டும், நாலுலயும் ஒரே காசா இருந்தா போதும்.

"ஒரு வருஷம் யாரு சார் காத்திருப்பா"ன்னு உடனே கேப்பீங்க. யாரும் காத்திருக்க மாட்டாங்க, அது வெறும் அளவுகோல், அவ்வளவுதான். ஹோல்டிங் செலவை வருஷக் கணக்குல சொல்றோம் இல்லையா, அப்போ காத்திருப்புச் செலவையும் அதே வருஷக் கணக்குல சொன்னாதான் ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியும். 16-ஐ 360-ஆல வகுத்தா ஒரு பம்ப் ஒரு நாள் லேட்டானா சுமார் 0.044. இந்த இடத்துலதான் ரொம்ப பேர் வழுக்கி விழுறாங்க, அதைத் தனியாவே சொல்றேன்.

பழைய ஈஓக்யூவை முதல்ல போட்டு வெச்சுக்கலாம், ஒப்பிட ஒரு அடிக்கோடு வேணும்ல. sqrt(2·D·S/h) = sqrt(2·3600·200/9) = 400. தடவைக்கு 400 பம்ப், வருஷத்துக்கு 9 ஆர்டர், ஆர்டர் செலவு 1800, ஹோல்டிங் செலவு 1800, மொத்தம் 3600.

படத்தைக் கீழ இழுக்கணும்

இப்போ அந்த ரம்பப் பல்லை எடுத்து மொத்தமா கொஞ்சம் கீழ இறக்குங்க, பல்லோட அடிப்பகுதி பூஜ்யக் கோட்டுக்குக் கீழ போகட்டும். கோட்டுக்கு மேல இருக்கிற முக்கோணம் அலமாரியில இருக்கிற ஸ்டாக், கீழ இருக்கிற தலைகீழ் முக்கோணம் காத்திருக்கிற ஆர்டர். லோடு வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்களோ அந்த உச்ச அளவுதான் B. தடவைக்கு ஆர்டர் போடுற அளவு Q, அந்த லோடு வந்ததும் முதல்ல B பம்ப் நேரா காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும், அது அலமாரியைத் தொடவே தொடாது, மிச்சம் Q−B மட்டும்தான் அலமாரிக்கு ஏறும். ஹோல்டிங் செலவு எங்க குறையுதுன்னு இங்கயே தெரியுது, வாங்கின பம்புல ஒரு பங்கு வர்ற அன்னைக்கே வாசலோட கிளம்பிப் போயிடுது.

செலவு மூணு துண்டா வரும். ஆர்டர் செலவு S·D/Q, அதுல மாற்றம் இல்ல. ஹோல்டிங்குக்கு சராசரி ஸ்டாக் வேணும், ஸ்டாக் இருக்கிற நாட்கள்ல சராசரி (Q−B)/2, ஆனா ஒரு லோடுல இருந்து அடுத்த லோடு வரைக்குமான சைக்கிள்ல (Q−B)/Q பங்கு நாட்கள்தான் ஸ்டாக் இருக்கு, ரெண்டையும் பெருக்கினா (Q−B)²/(2Q). இந்தப் பெருக்கலை மறந்துட்டு சராசரி ஸ்டாக் (Q−B)/2-ன்னு அப்படியே போட்டுடுறவங்க நிறைய, அப்படிப் போட்டா ஹோல்டிங் செலவு அதிகமாத் தெரியும், அப்புறம் எந்த நம்பரும் பொருந்தாது. அதே லாஜிக்ல சராசரி பேக்ஆர்டர் B²/(2Q). ஆக மொத்தச் செலவு

```
TC = S*D/Q + h*(Q-B)^2/(2*Q) + b*B^2/(2*Q)
```

முதல்ல B, அப்புறம் Q

ரெண்டையும் ஒரே நேரத்துல தேடாதீங்க. Q ஏதோ ஒரு நம்பர்னு பிடிச்சு வெச்சுக்கிட்டு, அதுக்கு நல்ல B எதுன்னு மட்டும் கேளுங்க. B-யை ஒண்ணு கூட்டினா, அதாவது எல்லா சைக்கிள்லயும் கோட்டை ஒரு பம்ப் அளவுக்குக் கீழ இறக்கினா, ஸ்டாக் இருக்கிற நாட்கள்ல h மிச்சம், இல்லாத நாட்கள்ல b கூடுதல் செலவு. ரெண்டும் சமமாகுற இடத்துல நிக்கணும். ஸ்டாக் இருக்கிற நாட்களோட பங்கு × h = இல்லாத நாட்களோட பங்கு × b. இதைத் தீர்த்தா ஸ்டாக் இல்லாத நாட்களோட பங்கு h/(h+b), இருக்கிற நாட்களோட பங்கு b/(h+b), அப்படின்னா

```
B = Q * h/(h+b)
```

நம்ம கேஸ்ல 9/25, அதாவது 36 சதவீத நாட்கள் ஸ்டாக் இருக்காது, 64 சதவீத நாட்கள் இருக்கும். இதுல Q எவ்வளவுங்கிறது எங்கயும் வரலைங்கிறதைக் கவனிங்க, ஆர்டர் செலவு S-ம் வரல, டிமாண்டும் வரல. எவ்வளவு பங்கு நேரம் காலியா இருக்கலாம்ங்கிறதை h-ம் b-யும் மட்டும்தான் முடிவு பண்ணுது.

இப்போ இந்த B-யை மேல இருக்கிற மொத்தச் செலவுல போட்டுச் சுருக்கினா ஹோல்டிங்கும் பேக்ஆர்டரும் ஒண்ணா கலந்து ஒரே துண்டா ஆகிடும்:

```
TC = S*D/Q + (h*b/(h+b)) * Q/2
```

இது பழைய ஈஓக்யூ செலவு மாதிரியே இருக்கு பாருங்க, h இருந்த இடத்துல h·b/(h+b) வந்து உக்காந்திருக்கு, வேற எந்த மாற்றமும் இல்ல. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ரெண்டு ரெசிஸ்டரை பேரலலா இணைச்சா வர்ற அதே வடிவம், பேரலல்ல மொத்தம் எப்பவும் சின்ன ரெசிஸ்டரை விடக் கம்மியா இருக்கும்ல, அதே மாதிரி இந்தப் புது ஹோல்டிங் ரேட்டும் h-ஐ விடவும் கம்மி, b-யை விடவும் கம்மி. ஃபார்முலாவை மனப்பாடம் பண்ண வேண்டாம், h-க்குப் பதிலா இதைப் போடணும்ங்கிறது மட்டும் ஞாபகம் இருந்தா மிச்சம் எல்லாம் தானா வந்துடும்.

நம்ம நம்பர்ல 9·16/25 = 5.76. Q = sqrt(2·3600·200/5.76) = 500. புத்தகத்துல வர்ற வடிவத்துல எழுதினா Q = sqrt(2DS/h) · sqrt((h+b)/b), அதாவது 400-ஐ 5/4-ஆல பெருக்குறது, அதே 500 தான். B = 500 × 0.36 = 180. அலமாரிக்கு ஏறுறது 320. ஒரு சைக்கிள் 50 நாள், அதுல 32 நாள் ஸ்டாக் இருக்கும், 18 நாள் இருக்காது. அந்த 18 நாளோட முதல் நாள் வந்தவர் 18 நாள் காத்திருப்பார், கடைசி நாள் வந்தவருக்கு அடுத்த நாளே கிடைச்சிடும், காத்திருக்கிறவங்களோட சராசரி 9 நாள்.

செலவைத் துண்டு துண்டா பார்ப்போம். வருஷத்துக்கு 7.2 ஆர்டர், 1440. ஹோல்டிங் 9 × 320²/1000 = 921.6. பேக்ஆர்டர் 16 × 180²/1000 = 518.4. மொத்தம் 2880. முன்னாடி 3600, ஆக 720 மிச்சம், சரியா 20 சதவீதம். கணக்கு சரியான்னு பார்க்க ஒரு எளிய வழி இருக்கு, பழைய ஈஓக்யூல ஆர்டர் செலவும் ஹோல்டிங் செலவும் சமமா வரும்ல, இங்க ஆர்டர் செலவு 1440, மத்த ரெண்டோட கூட்டு 921.6 + 518.4, அதுவும் 1440. இது சமமா வரலைன்னா எங்கயோ தப்பு போட்டிருக்கீங்க.

அந்த 720 எங்க இருந்து வந்துச்சு

இங்கதான் நான் முன்னாடி சொன்ன விஷயம். Q-வை மட்டும் 500-ஆ மாத்திட்டு, ஆர்டர் போடுற நேரத்தைப் பழையபடியே விட்டுட்டா, அதாவது ஸ்டாக் பூஜ்யமாகுற அன்னைக்கே லோடு வர்ற மாதிரியே வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? ஆர்டர் செலவு 1440, ஹோல்டிங் 9 × 250 = 2250, மொத்தம் 3690. பழைய 3600-ஐ விட 90 அதிகம்! ஃபார்முலாவை மாத்தினதால நஷ்டம்தான் வந்திருக்கு.

இப்போ திருப்பிப் போடுங்க, Q பழைய 400-ஏ இருக்கட்டும், B மட்டும் 400 × 0.36 = 144-க்கு விடுங்க. ஆர்டர் செலவு 1800, மத்த ரெண்டும் சேர்ந்து 5.76 × 200 = 1152, மொத்தம் 2952. 720-ல 648 இதுலயே வந்துடுச்சு, பத்துல ஒன்பது பங்கு. ஆர்டர் அளவைத் தொடவே இல்ல, ஆர்டர் போடுறதைத் தள்ளிப் போட்டது மட்டும்தான். சப்ளையர் பேலட் கணக்குல 400 தான் தருவேன்னு சொன்னாலும் கவலைப்பட வேண்டாம்ங்கிறது இதுல இருந்து தெரியுது. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், ஷீட்டுல Q செல்லை மட்டும் மாத்திட்டு, ஸ்டாக் எவ்வளவுக்கு இறங்கினதும் ஆர்டர் போடணும்ங்கிற ரீஆர்டர் பாயிண்ட்டை அப்படியே விட்டுடுறது ரொம்பப் பேர் பண்றது, மூணு மாசம் கழிச்சு பார்த்தா ஹோல்டிங் செலவு ஏறியிருக்கும், "இந்த மாடல் வேலைக்கு ஆகாது"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க.

ரீஆர்டர் பாயிண்ட் மைனஸ்ல போகும், பயப்படாதீங்க

ஆர்டர் போட்டதுல இருந்து லோடு வர்ற வரைக்கும் ஆகுற லீட் டைம் 12 நாள்னு வெச்சுக்குவோம். பழைய முறையில 12 நாளுக்கு வேண்டிய 120 பம்ப் மிச்சம் இருக்கும்போது ஆர்டர் போடணும். புது முறையில அதுல இருந்து B-யைக் கழிக்கணும், 120 − 180 = −60. மைனஸ் அறுபதுன்னா என்ன அர்த்தம்? அலமாரி காலியாகி, ஆறு நாள் போய், 60 பேர் காத்திருக்கும்போதுதான் ஆர்டர் போடுறோம். ஆர்டர் போட்டு 12 நாள்ல இன்னும் 120 பேர் சேருவாங்க, லோடு வர்றப்போ 180. கணக்கு சரியா இருக்கு.

ஆனா குடோன்ல வேலை செய்றவங்களுக்கு இது உடம்பெல்லாம் கூசும், காலி அலமாரியைப் பார்த்துக்கிட்டு ஆறு நாள் ஆர்டர் போடாம உக்காந்திருக்கணும்னா யாருக்குதான் மனசு வரும். சில சாஃப்ட்வேர் ரீஆர்டர் பாயிண்ட்ல மைனஸ் நம்பரை ஏத்துக்கவும் செய்யாது. அப்படி இருந்தா பூஜ்யம்னு போட்டுடுங்க, அலமாரி காலியான அன்னைக்கே ஆர்டர், லோடு வர்றப்போ காத்திருக்கிறவங்க 120. செலவு 1440 + 1299.6 + 230.4 = 2970. உச்சபட்சக் காத்திருப்பு 18 நாள்ல இருந்து 12 நாளா குறையுது, அதுக்குக் கூடுதலா 90 தான். நான் இதை தாராளமா எடுத்துக்குவேன்.

ஒரு விஷயம், ஆர்டர் போட்டு இன்னும் வராத லோடு ஒண்ணு வழியில இருந்தா அதையும் கூட்டித்தான் ரீஆர்டர் பாயிண்ட்டோட ஒப்பிடணும். லீட் டைம் சைக்கிளை விட நீளமா இருந்தா இதை மறந்தா ரெண்டு ரெண்டு தடவை ஆர்டர் போயிடும்.

ஷீட்டுல போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னா இவ்வளவு போதும்:

```
from math import sqrt
D, S, h, b, L = 3600, 200, 9, 16, 12/360
Q = sqrt(2*D*S/h) * sqrt((h+b)/b)
B = Q * h/(h+b)
R = D*L - B
TC = S*D/Q + h*(Q-B)**2/(2*Q) + b*B**2/(2*Q)
print(Q, B, R, TC)
```

500, 180, −60, 2880 வரணும்.

b எடுக்குறதுல நான் பண்ணின தப்பு

முதல் தடவை நான் இதை ஒரு ஆபீஸ்ல போட்டப்போ சேல்ஸ்ல இருந்த அக்காகிட்ட போய் "ஒரு பீஸ் லேட்டானா நமக்கு எவ்வளவு போகுதுக்கா"ன்னு கேட்டேன், அவங்க யோசிச்சு ஒரு நம்பர் சொன்னாங்க, அதை அப்படியே b-ன்னு போட்டுட்டேன். அவங்க சொன்னது ஒரு நாளைக்கு. h வருஷத்துக்கு. ஷீட்டுல வந்த பதிலைப் பார்த்து பத்து நிமிஷம் ஒண்ணுமே புரியல, வாங்குறதுல முக்கால்வாசிக்கு மேல பேக்ஆர்டருக்கே போகணும்னு சொல்லுது.

நம்ம பம்ப் கணக்குலயே அதைப் போட்டுக் காட்டுறேன். ஒரு நாள் லேட்டுக்கு 0.5-ன்னு வெச்சுக்குங்க, 360-ஆல பெருக்கினா சரியான b = 180. பெருக்காம 0.5-ஐயே b-ன்னு போட்டா Q சுமார் 1744, B சுமார் 1652, அதாவது முதல் கஸ்டமர் 165 நாள் காத்திருக்கணும். ஷீட் சொல்ற செலவு என்னமோ 826 தான், பார்க்க அமோகமா இருக்கும். நிஜமான b-யை வெச்சு அந்தத் திட்டத்தோட செலவைப் போட்டா காத்திருப்புக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தைத் தாண்டுது. ஆக B-யை D-யோட தினசரி அளவால வகுத்து எத்தனை நாள்னு எப்பவும் பாருங்க, அந்த நாள் கணக்கு சேல்ஸ்காரங்க கேட்டா சிரிக்கிற மாதிரி இருந்தா முதல் சந்தேகம் b-யோட அலகு மேல போகணும்.

அலகைச் சரி பண்ணி 180 போட்டா என்ன வருது? h/(h+b) = 9/189, அஞ்சு சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. Q 410, B 19 அல்லது 20, உச்சபட்சக் காத்திருப்பு ரெண்டு நாள், செலவு 3513. மிச்சம் வெறும் 87. b பெருசா இருக்கிற பொருளுக்கு இந்த மாடல் பழைய ஈஓக்யூகிட்டயே போய் நின்னுடும், b எல்லையில்லாம பெருசானா ரெண்டும் ஒண்ணுதான். அந்த மாதிரி பொருளுக்கு இதைப் போட்டு மெனக்கெட வேண்டியதில்ல.

b-யை யாராலயும் சொல்ல முடியலைன்னா தலைகீழா கேளுங்க. "எத்தனை சதவீத நாள் ஸ்டாக் கையில இருக்கணும்?" 90-ன்னு பதில் வந்தா b/(h+b) = 0.9, அப்படின்னா b = 9h = 81. அவங்க வாயால சொல்லாத b இதுல வெளிய வந்துடும், அதை நாள் கணக்குக்கு மாத்தி "ஒரு பீஸ் ஒரு நாள் லேட்டுக்கு 0.225-ன்னு ஆகுது, ஒத்துக்குறீங்களா"ன்னு திரும்பிக் கேக்கலாம்.

கஸ்டமர்கிட்ட நாள் கணக்கு சொல்லியிருந்தா

18 நாள் எல்லாம் முடியாது, அதிகபட்சம் 10 நாள்னு வாக்கு கொடுத்திருக்கோம்னா? அப்போ B = 100-க்கு மேல போகக் கூடாது. B-யை 100-ன்னு கட்டிப் போட்டுட்டு Q-வை மட்டும் தேடினா ஃபார்முலா இப்படி ஆகும்:

```
Q = sqrt((2*D*S + (h+b)*B^2)/h)
```

Q சுமார் 433, செலவு சரியா 3000. 720 மிச்சத்துல 600 இன்னும் கையில இருக்கு. 5 நாள்தான்னா B = 50, Q சுமார் 409, செலவு சுமார் 3227, பாதிக்கு மேல அப்பவும் மிச்சம். முதல் சில நாள் காத்திருப்புலதான் நிறைய மிச்சமாகுது, கடைசி எட்டு நாளுக்கு 120 தான் கிடைக்குது. அதனால ஃபார்முலா சொல்ற B வரைக்கும் போய்த்தான் ஆகணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, 10-ல நிறுத்தினா கஸ்டமரும் நிம்மதியா இருப்பாங்க.

காத்திருப்புச் செலவு நாளைப் பொறுத்து வராம இருந்தா

சில இடத்துல லேட்டானா ஒரே ஒரு தடவை செலவு, தனி கூரியர், ஒரு போன், ஒரு சின்ன டிஸ்கவுண்ட், எத்தனை நாள் ஆனாலும் அதே தான். அந்தச் செலவை ஒரு பீஸுக்கு p-ன்னு வைங்க. நாள் கணக்குச் செலவு b-யே இல்லாம p மட்டும் இருந்தா மேல சொன்ன எதுவும் ஓடாது, பதில் ரெண்டுல ஒண்ணாத்தான் வரும், ஒண்ணு பேக்ஆர்டரே வேண்டாம், இல்லைன்னா ஸ்டாக்கே வேண்டாம். எல்லாத்தையும் பேக்ஆர்டர்லயே ஓட்டினா வருஷத்துக்கு p·D, பழைய ஈஓக்யூ செலவு 3600, ரெண்டுல எது கம்மின்னு பார்க்கணும், நம்ம கேஸ்ல D-யும் 3600-ங்கிறதால p = 1 தான் எல்லைக்கோடு. b-யும் p-யும் ரெண்டுமே இருந்தா

```
Q = sqrt((2*D*S/h - (p*D)^2/(h*(h+b))) * (h+b)/b)
B = (h*Q - p*D)/(h+b)
```

p = 0.5 போட்டா Q 477, B 100, செலவு 3395. p·D அந்த 3600-ஐத் தாண்டிட்டா இந்த ஃபார்முலாவைத் தொடாதீங்க, பேக்ஆர்டரே இல்லாத 400-தான் பதில். இவ்வளவு சின்ன p-யே மிச்சத்தை 720-ல இருந்து 205-க்கு இறக்கிடுச்சு பாருங்க, அதனால "ஒரு தடவைச் செலவு ஒண்ணும் இல்ல"ன்னு யாராவது சொன்னா ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கங்க.

நிஜமா காத்திருக்காங்களா

இந்த மொத்தக் கணக்கும் ஒரே ஒரு நம்பிக்கை மேல நிக்குது, வந்தவங்க எல்லாரும் காத்திருக்காங்க, ஒருத்தரும் வேற கடைக்குப் போகல. இதை வாய் வார்த்தையா நம்பாதீங்க, கண்டுபிடிக்க வழி இருக்கு. ஸ்டாக் இருக்கிற நாட்கள்ல ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் வருது, ஸ்டாக் இல்லாத நாட்கள்ல எத்தனை வருதுன்னு தனித்தனியா எண்ணுங்க, கேன்சல் ஆனதைக் கழிச்சிட்டு. ரெண்டும் 10-க்குப் பக்கத்துல இருந்தா சரி. இல்லாத நாட்கள்ல 7-ன்னு வந்தா மூணு பேர் கிளம்பிப் போயிட்டாங்க. இன்னொரு அடையாளம், லோடு வர்ற அன்னைக்குக் காலையில காத்திருக்கிற லிஸ்டை எண்ணுங்க, 180 இருக்க வேண்டிய இடத்துல எப்பப் பார்த்தாலும் 120, 130-ன்னு இருந்தா அதே கதைதான். அன்னைக்கு லிஸ்ட் சின்னதா இருக்கேன்னு சந்தோஷப்படுறவங்களை நான் பார்த்திருக்கேன், அது கைவிட்டுப் போன ஆர்டர்ங்க, குறைஞ்ச பேக்ஆர்டர் இல்ல.

தோராயமா எடை போட்டுடலாம். 18 நாள்ல நாளைக்கு 3 பேர்னா சைக்கிளுக்கு 54 பம்ப், வருஷத்துக்கு 7.2 சைக்கிள், சுமார் 389 பம்ப் போச்சு. மிச்சம் பண்றது 720, அதை 389-ஆல வகுத்தா ஒரு பம்புக்கு 1.85. உங்க லாபம் ஒரு பம்புக்கு 1.85-ஐ விட அதிகம்னா, 720 மிச்சம் பிடிக்கப் போய் அதுக்கு மேல கைவிட்டுக்கிட்டு இருக்கீங்க, அந்தப் பொருளைப் பழைய 400-க்கே திருப்பிடுங்க.